மருத்துவச் சான்றும் விடுப்புக் கடிதமும்: அலுவலகம் திருப்பி அனுப்பாதபடி தமிழ்–ஆங்கிலம் மொழிபெயர்க்கும் முறை

தமிழ்நாட்டில் பெரும்பாலான மருத்துவர்கள் ஆங்கிலத்திலேயே சான்று எழுதுகிறார்கள். ஆனாலும் இரண்டு இடங்களில் மொழிபெயர்ப்பு தேவைப்படுகிறது. அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவிலோ சிற்றூர் மருத்துவரிடமோ தமிழில் வாங்கிய சான்றை, ஆங்கிலத்தில் கோப்பு நடத்தும் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். அல்லது ஆங்கிலத்தில் கிறுக்கிய சான்றை, தமிழில் கோப்பு நடத்தும் கூட்டுறவுச் சங்கத்துக்கோ பள்ளிக்கோ நூற்பாலைக்கோ தமிழாக்கித் தர வேண்டியிருக்கும். இந்த வழிகாட்டி இவ்விரண்டையும், உடன் வைக்கும் விடுப்புக் கடிதத்தையும் பற்றியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் சொல்லுக்குச் சொல் தேடுவதில் நேரத்தைச் செலவிடுகிறார்கள். நான் பார்த்தவரை, திரும்பி வரும் மொழிபெயர்ப்புகளில் மிகச் சிலவே சொல் பிழையால் திரும்புகின்றன. மூலத்தில் உள்ள பெயர், தேதி, நாள் எண்ணிக்கை, நோய் ஆகியவற்றில் ஏதோ ஒன்று மொழிபெயர்ப்பில் வேறாக இருப்பதே பெரும்பாலும் காரணம். மனிதவளப் பிரிவில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், ஆனால் எண்களை ஒப்பிட அவருக்குத் தெரியும். ஆகவே கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள், ஏனெனில் ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் நிற்கிறது.

1. எது யார் எழுதிய ஆவணம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

விடுப்புக் கடிதம் பணியாளர் எழுதுவது. மருத்துவச் சான்றும், வேலைக்குத் திரும்பும்போது கொடுக்கும் உடல்தகுதிச் சான்றும் மருத்துவர் எழுதுபவை. இந்த வேறுபாடுதான் உங்களுக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பதைத் தீர்மானிக்கிறது.

கடிதத்தை எழுதியவர் உங்கள் எதிரில் இருக்கிறார். தெளிவில்லாத இடத்தை அவரிடம் கேட்டு, விடுபட்டதைச் சேர்த்து, மற்ற மொழியில் புதிதாகவே எழுதிக் கொடுத்து அவரிடம் கையொப்பம் வாங்கலாம், அது அவருடைய கடிதம்தான். சான்றில் அந்த உரிமை உங்களுக்கும் இல்லை, நோயாளிக்கும் இல்லை. மருத்துவர் எழுதாத ஒரு நாளையோ ஒரு நோய்ப்பெயரையோ மொழிபெயர்ப்பில் சேர்த்தால், அது மருத்துவர் சொல்லாததை அவர் சொன்னதாகக் காட்டுவதாகும். அலுவலகம் மருத்துவரைத் தொடர்புகொண்டு கேட்கும் நாளில் பணியாளரின் வேலைக்கே கேடு வரும்.

2. தொடங்குமுன் சேகரிக்க வேண்டியவை

சான்றின் மூலத்தை இரு பக்கமும் பாருங்கள். கைப்பேசியில் எடுத்த படம் மட்டும் வந்தால், பின்பக்கத்தின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். முத்திரையோ அங்க அடையாளம் பற்றிய குறிப்போ பின்பக்கத்தில் இருப்பது உண்டு. பணியாளரின் நிறுவன அடையாள அட்டையின் படம் ஒன்றும் வேண்டும், பெயரை எப்படி எழுதுவது என்பதற்கு அதுவே ஆதாரம்.

அடுத்து, அலுவலகத்திடம் இரண்டு கேள்விகளைப் பணியாளரே எழுத்தில் கேட்கட்டும்: மொழிபெயர்ப்பை யார் செய்தால் ஏற்பீர்கள், நோட்டரி ஒப்பம் வேண்டுமா? சில நிறுவனங்கள் மொழிபெயர்ப்பாளரின் கையொப்பமிட்ட உறுதிமொழியோடு நிறுத்திக்கொள்கின்றன, சில நோட்டரியைக் கேட்கின்றன. பணியாளர் தானே மொழிபெயர்த்ததையும் உறவினர் மொழிபெயர்த்ததையும் ஏற்பது அரிது. பதில் தெரிந்தபின் வேலையைத் தொடங்கினால் ஒரே ஆவணத்தை இரண்டு முறை அச்சிட வேண்டியிருக்காது.

மூன்றாவதாக, சான்று முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். அலோபதி மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டின் தொழில் நடத்தை விதிமுறைகள், சான்றில் பதிவு எண் இருக்க வேண்டும், நோயாளியின் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ, முகவரியும், குறைந்தது ஓர் அங்க அடையாளமும் இருக்க வேண்டும் என்கின்றன. அவற்றின் பின்னிணைப்பு 2இல் சான்றின் மாதிரியே தரப்பட்டுள்ளது. நோய், எத்தனை நாள், எந்தத் தேதியிலிருந்து, இடம், நாள், கையொப்பம் என்ற வரிசை அதில் உண்டு. மருத்துவர் தாம் கொடுக்கும் சான்றுகளுக்கு ஒரு பதிவேடு வைத்து, ஒவ்வொன்றின் நகலையும் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிமுறையில் உள்ளது. இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு பயன் உண்டு: சான்றில் குறை இருந்தால் மருத்துவரிடம் திரும்பிச் செல்வது நியாயமான கோரிக்கைதான். பதிவு எண் இல்லாத சான்றை எவ்வளவு அழகாக மொழிபெயர்த்தாலும் அது பதிவு எண் இல்லாத சான்றாகவே இருக்கும். குறையைத் திருத்தி வாங்குவதை மொழிபெயர்ப்புக்கு முன்பே செய்துவிடுங்கள்.

ஒரு விலக்கு: மத்திய அரசுப் பணியாளருக்கு 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகளில் படிவங்களே உள்ளன. நோய் விடுப்புக்குத் தனிப் படிவம், வேலைக்குத் திரும்புவதற்குப் படிவம் 5. அவர்கள் தமிழ்ச் சான்றை மொழிபெயர்ப்பதைவிட, மருத்துவரிடம் அந்தப் படிவத்தையே எடுத்துச்சென்று நிரப்பி வாங்குவது எளிது, மொழிபெயர்ப்புச் செலவும் இல்லை.

3. மொழிபெயர்க்குமுன் மூலத்தை அதே மொழியில் படியெடுங்கள்

கையெழுத்தைப் படிப்பதும் மொழிபெயர்ப்பதும் இரண்டு வேலைகள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால், படிக்க முடியாத சொல்லை ஊகித்து, ஊகித்ததை மொழிபெயர்த்து, அது ஊகம் என்பதையே மறந்துவிடுவோம். ஆங்கிலச் சான்றானால் ஆங்கிலத்திலேயே, தமிழ்ச் சான்றானால் தமிழிலேயே ஒரு தாளில் வரிக்கு வரி படியெடுங்கள். படிக்க இயலாத இடத்தில் கோடு போட்டு விடுங்கள். படியெடுத்த தாளை நோயாளியிடமோ, முடிந்தால் மருத்துவமனைச் செவிலியரிடமோ காட்டிக் கோடுகளை நிரப்புங்கள். அதன்பிறகும் படிக்க முடியாததை மொழிபெயர்ப்பில் சதுர அடைப்புக்குள் ‘வாசிக்க இயலவில்லை’ என்று குறித்துவிடுங்கள். அப்படிக் குறிப்பதால் சான்று நிராகரிக்கப்படும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆனால் நிராகரிப்பைக் கொண்டுவருவது தவறாக ஊகித்த சொல்தான்.

ஆங்கிலச் சான்றுகளில் சுருக்கெழுத்துகள்தான் பெரிய பள்ளம். நான் மீண்டும் மீண்டும் திருத்த நேர்ந்தவை சில.

‘சி/ஓ’ என்பதை முகவரியில் வரும் ‘கேர் ஆஃப்’ என்று படித்து, ‘காய்ச்சலின் பொறுப்பில்’ என்ற பொருளற்ற வரியை எழுதிவிடுகிறார்கள். மருத்துவக் குறிப்பில் அது ‘கம்ப்ளெயின்ஸ் ஆஃப்’, அதாவது நோயாளி கூறும் தொந்தரவு. ‘ஆர்/ஓ’ என்பது நீதிமன்ற ஆவணங்களில் ‘ரெசிடென்ட் ஆஃப்’, மருத்துவத்தில் ‘ரூல் அவுட்’. ‘ஆர்/ஓ டெங்கு’ என்றால், டெங்கு இருக்கிறதா என்று சோதித்து அதை விலக்க வேண்டும் என்று பொருள். ‘டெங்கு காய்ச்சல்’ என்று எழுதினால் உறுதியாகாத நோயை உறுதியாக்கிவிடுகிறோம், ‘டெங்கு இல்லை’ என்று எழுதினால் நடக்காத சோதனையை நடந்ததாக்கிவிடுகிறோம். ‘டெங்குவா எனப் பரிசோதிக்கப்பட வேண்டியுள்ளது’ என்பதே சரி.

பெரிய எழுத்துகளில் ‘ஏஜிஇ’ என்று புள்ளியில்லாமல் எழுதியிருந்தால் அது வயதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகவே தோன்றும். நோய்ப்பெயர் வர வேண்டிய இடத்தில் அது இருந்தால், பெரும்பாலும் இரைப்பையும் குடலும் திடீரென அழற்சி அடைவதைக் குறிக்கும் சுருக்கம். வாந்தி, வயிற்றுப்போக்கு என்ற சொற்கள் அருகில் இருக்கின்றனவா என்று பார்த்து உறுதிசெய்யுங்கள்.

மூத்த மருத்துவர்கள் சிலர் கால அளவைப் பின்னமாக எழுதுவார்கள். 5/7 என்றால் ஐந்து நாள், 2/52 என்றால் இரண்டு வாரம், 3/12 என்றால் மூன்று மாதம். கீழே உள்ள எண் வாரத்தின் நாள்களையோ, ஆண்டின் வாரங்களையோ, ஆண்டின் மாதங்களையோ குறிக்கிறது. இதை அறியாதவர் 5/7ஐ ஜூலை 5 என்று எழுதிவிட, ஆகஸ்டு மாதச் சான்றில் ஜூலைத் தேதி வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

4. பெயரை அடையாள அட்டைப்படி எழுதுங்கள்

தமிழில் ‘ப.’ என்ற தலைப்பெழுத்து ஆங்கிலத்தில் பழனியின் P ஆகவும் வரலாம், பரதனின் B ஆகவும் வரலாம். ‘க.’, ‘த.’, ‘ச.’ ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். ஒலியை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலை அப்படியே எடுத்தாளுங்கள், தலைப்பெழுத்து பெயருக்கு முன் வருகிறதா பின் வருகிறதா என்பதையும் சேர்த்து.

சான்றில் உள்ள பெயரே அடையாள அட்டையிலிருந்து மாறுபட்டிருந்தால், எடுத்துக்காட்டாகச் சான்றில் ‘செல்வி’ என்றும் அட்டையில் ‘தமிழ்ச்செல்வி’ என்றும் இருந்தால், மொழிபெயர்ப்பாளர் அதைச் சரிசெய்யக் கூடாது. சான்றில் உள்ளபடியே எழுதிவிட்டு, இருவரும் ஒருவரே என்று பணியாளர் தம் விடுப்புக் கடிதத்தில் ஒரு வரியில் தெரிவிக்கட்டும். மருத்துவர் அருகிலேயே இருந்தால் சான்றில் திருத்தி ஒப்பமிட்டு வாங்குவது இன்னும் நல்லது.

நிறுவனங்களின் பெயர்களுக்கு ஏற்கனவே நிலைத்த வடிவங்கள் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையம் என்பது ஆங்கிலத்தில் ‘பிரைமரி ஹெல்த் சென்டர்’தான். உதவி சித்த மருத்துவ அலுவலர் என்பதற்கும் அரசு வழங்கும் ஆங்கிலப் பதவிப்பெயர் மருத்துவரின் முத்திரையிலேயே பல நேரம் இருக்கும். அதைப் பார்த்து எழுதுங்கள், புதிதாக உருவாக்காதீர்கள்.

5. தேதியும் நாள் கணக்கும்

மொழிபெயர்ப்பில் மாதத்தை எப்போதும் எழுத்தில் எழுதுங்கள். 05.08.2024 என்பது நமக்கு ஆகஸ்டு 5, அமெரிக்கத் தலைமையகத்தில் இருப்பவருக்கு மே 8. மாதத்தின் பெயரை எழுதினால் இந்த ஐயமே எழாது.

அதைவிடச் சிக்கலானது நாள்களின் எண்ணிக்கை. ‘05.08.2024 முதல் 7 நாள்’ என்றால் முதல் நாளையும் சேர்த்து ஆகஸ்டு 11 முடிய ஏழு நாள், 12ஆம் தேதி வேலைக்கு வர வேண்டும். ஆனால் மருத்துவர்கள் பலர் வேலைக்குத் திரும்பும் நாளையே ‘வரை’ என்ற சொல்லுக்கு முன் போட்டுவிடுகிறார்கள்: ‘05.08.2024 முதல் 12.08.2024 வரை 7 நாள்’. இரு முனைகளையும் சேர்த்து எண்ணினால் இது எட்டு நாள். சம்பளம் கணக்கிடுபவர் கண்ணில் முதலில் படுவது இந்த முரண்தான்.

இங்கே புதியவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஏழை எட்டாக்குகிறார்கள், அல்லது 12ஐ 11 ஆக்குகிறார்கள். இரண்டுமே தவறு. எது சரி என்பது மருத்துவருக்கு மட்டுமே தெரியும். திருத்தி வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் இரண்டையும் உள்ளபடியே எழுதி, ‘தேதிகளும் நாள் எண்ணிக்கையும் மூலத்தில் உள்ளவாறே தரப்பட்டுள்ளன’ என்று அடிக்குறிப்புப் போடுங்கள். அந்தக் குறிப்பு, பிழை உங்களுடையது அல்ல என்பதையும் நீங்கள் அதைக் கவனித்தீர்கள் என்பதையும் ஒருசேரக் காட்டும்.

6. நோயின் பெயர்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது மிகுதியாக நடக்கும் பிழை ‘அக்யூட்’ என்ற சொல்லில் இருக்கிறது. அதைக் ‘கடுமையான’ என்று எழுதுகிறார்கள். மருத்துவத்தில் அது திடீரெனத் தொடங்கிச் சில நாள் நீடிப்பதைக் குறிக்கும். அதன் எதிர்ச்சொல் ‘க்ரானிக்’, அதாவது நாட்பட்டது. சாதாரணத் தொண்டை அழற்சியைக் ‘கடுமையான’ என்று தமிழாக்கியதால், இரண்டு நாள் விடுப்பு போதுமா, இன்னும் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டாமா என்று ஒரு மேலாளர் கேட்கத் தொடங்கினார். ‘திடீர்’ அல்லது ‘குறுங்கால’ என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது சிக்கல் வேறு. பேச்சுவழக்கில் ‘அம்மை’ என்ற ஒரு சொல் பல நோய்களைக் குறிக்கிறது. சின்னம்மை ஒன்று, மணல்வாரி அம்மை வேறொன்று, பொன்னுக்கு வீங்கியைத் தாளம்மை என்று சொல்லும் வழக்கும் உண்டு. இவற்றுக்கு ஆங்கிலத்தில் முறையே ‘சிக்கன் பாக்ஸ்’, ‘மீசல்ஸ்’, ‘மம்ப்ஸ்’ என்று தனித்தனிப் பெயர்கள். சான்றில் வெறும் ‘அம்மை’ என்று இருந்தால் எதையும் தேர்ந்தெடுக்காமல் மருத்துவரிடம் கேளுங்கள். தொற்றக்கூடிய நோய் என்பதால் அலுவலகம் எத்தனை நாள் வர வேண்டாம் என்று சொல்லும் என்பதும் இந்தப் பெயரைப் பொறுத்திருக்கலாம்.

சித்த மருத்துவச் சான்றில் நோய்ப்பெயர்கள் அந்த மருத்துவத்துக்கே உரியவை. அழல்கீல்வாயு, காளாஞ்சகப்படை போன்றவற்றை அகராதியில் தேடி ஆங்கிலப் பெயர் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். பெயரை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து எழுதுவதே உங்கள் கடமை. இணையான ஆங்கிலப் பெயரை மருத்துவரே சான்றில் எழுதித் தருமாறு கேளுங்கள். ஆயுஷ் அமைச்சகத்தின் நமஸ்தே தளத்தில் சித்த நோய்ப்பெயர்களுக்குக் குறியீடுகளும் விளக்கங்களும் உள்ளன. மருத்துவரிடம் பேசும்போது அதைக் காட்டிக் கேட்கலாம், ஆனால் தளத்தைப் பார்த்து நீங்களே நிரப்பக் கூடாது.

நோய்ப்பெயரை அலுவலகத்துக்குத் தெரியப்படுத்த விரும்பாத பணியாளர்களும் உண்டு. அதற்காக மொழிபெயர்ப்பில் அந்த வரியை விட்டுவிட்டால், மூலத்தோடு ஒப்பிடுபவர் உடனே கண்டுபிடிப்பார். நோயின் பெயரைத் தவிர்த்து, ‘மருத்துவக் காரணங்களால் ஓய்வு தேவை’ என்று வேறொரு சான்று தர முடியுமா, அலுவலகம் அதை ஏற்குமா என்று முதலில் கேட்டுவிட்டு, அப்படி வந்த சான்றை மொழிபெயர்ப்பதே வழி.

7. யார் சொன்னது, எவ்வளவு உறுதியாகச் சொன்னது

தமிழ்ச் சான்றில் ‘மூன்று நாளாகக் காய்ச்சல் இருந்ததாகக் கூறுகிறார்’ என்று வரும். ‘இருந்ததாக’ என்பதில் உள்ள ‘ஆக’ என்ற ஒட்டுக்குள் ஒரு மருத்துவ முடிவு இருக்கிறது: காய்ச்சலை மருத்துவர் பார்க்கவில்லை, நோயாளி சொன்னதைப் பதிந்திருக்கிறார். ஆங்கிலத்தில் ‘ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்’ என்று எழுதினால், மருத்துவர் அந்த மூன்று நாளுக்கும் சான்றளித்ததாகிவிடும். முன்தேதியிட்ட சான்று என்ற ஐயம் கிளம்புவது பெரும்பாலும் இங்கிருந்துதான். ‘கம்ப்ளெயின்ஸ் ஆஃப்’ அல்லது ‘ரிப்போர்ட்ஸ் தட்’ என்று நோயாளியின் கூற்றாகவே வையுங்கள். ஆங்கிலத்திலிருந்து வரும்போது, மேலே சொன்ன ‘சி/ஓ’வை இதே ‘ஆக’ ஒட்டோடு தமிழில் கொண்டுவாருங்கள்.

வினைமுற்றுகளையும் கவனியுங்கள். ‘சிகிச்சை பெற்றார்’ என்றால் முடிந்துவிட்டது, ‘சிகிச்சை பெற்று வருகிறார்’ என்றால் தொடர்கிறது. ‘ஓய்வு தேவை’ என்பது மருத்துவரின் கருத்து, ‘ஓய்வில் இருந்தார்’ என்பது நடந்த நிகழ்வு. ‘இலேசான வேலை செய்யலாம்’ என்பதை ‘வேலைக்குத் தகுதியானவர்’ என்று விரிக்கக் கூடாது. பஞ்சாலையிலோ கட்டுமான இடத்திலோ வேலை செய்பவருக்கு இந்த வேறுபாடு உடலையே பாதிக்கும்.

8. பக்க அமைப்பும் உறுதிமொழியும்

மொழிபெயர்ப்பின் தலையில் ‘தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பு’ என்று பெரிதாக எழுதுங்கள். மருத்துவமனையின் சின்னத்தையும் தலைப்புத்தாளையும் கணினியில் வரைந்து ஒட்டாதீர்கள். மூலம்போலத் தோற்றமளித்தால் மதிப்பு கூடும் என்று நினைத்துத்தான் புதியவர்கள் இதைச் செய்கிறார்கள். பார்ப்பவருக்கு அது போலிச் சான்றாகத் தெரியும். சின்னம் இருக்கும் இடத்தில் ‘மருத்துவமனைச் சின்னம்’ என்றும், முத்திரை இருக்கும் இடத்தில் அதன் வாசகத்தோடு ‘வட்ட முத்திரை’ என்றும், கையொப்பத்துக்குக் ‘கையொப்பம் உள்ளது’ என்றும் சதுர அடைப்பில் குறியுங்கள். வரிகள் மூலத்தின் வரிசையிலேயே வரட்டும், அப்போது தமிழ் தெரியாதவரும் எண்களைப் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிடலாம்.

முடிவில் உங்கள் உறுதிமொழி. இரு மொழிகளும் உங்களுக்குத் தெரியும், மூலத்தைப் பார்த்து முழுமையாகவும் சரியாகவும் மொழிபெயர்த்தீர்கள் என்பதை இரண்டு வரியில் எழுதிப் பெயர், முகவரி, தொடர்பு எண், தேதி, கையொப்பம் இடுங்கள். மூலத்தின் நகலை இதோடு சேர்த்துத் தைத்து, இரண்டு தாள்களும் சேரும் இடத்தில் ஒப்பமிட்டால் தாள் மாற்றப்பட்டது என்ற கேள்வி எழாது.

நோட்டரி கேட்கப்பட்டால் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 1952ஆம் ஆண்டின் நோட்டரிச் சட்டம், மொழிபெயர்ப்பதையும் மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பதையும் நோட்டரியின் பணிகளுள் ஒன்றாகவே சொல்கிறது. ஆனால் நடைமுறையில் பலர், மொழிபெயர்ப்பாளர் தம் முன் கையொப்பமிட்டார் என்பதற்கு மட்டுமே சான்றளிக்கிறார்கள். அலுவலகம் கேட்பது இவற்றுள் எது என்று அறிந்து போனால் அலைச்சல் குறையும்.

9. ஒரு சான்றின் முழுப் பயணம்

திருப்பூர்ப் பக்கம் தையல் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண், முழங்கால் வலிக்காக அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் காட்டி, தமிழில் சான்று வாங்கி வந்தார். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில், கோப்பு முழுவதும் ஆங்கிலத்தில். சான்றின் வாசகம் இது: ‘இருபது நாளாக வலது முழங்காலில் வலி இருப்பதாகக் கூறி 05.08.2024 அன்று புறநோயாளியாக வந்தார். அழல்கீல்வாயு. 05.08.2024 முதல் 12.08.2024 வரை 7 நாள் ஓய்வு தேவை.’

அவர் கையில் வைத்திருந்த முதல் மொழிபெயர்ப்பை அக்கம்பக்கத்து இளைஞர் ஒருவர் செய்திருந்தார். அதில் இருபது நாள் வலி உண்மையென்று மருத்துவரே சொன்னதாக இருந்தது. அழல்கீல்வாயு ‘ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்’ ஆகியிருந்தது, ஏழு நாள் எட்டு நாளாகியிருந்தது. அலுவலகம் இரண்டு காரணம் சொல்லித் திருப்பியிருந்தது: மூலத்தில் 7 என்ற எண் தெரிகிறது, மொழிபெயர்ப்பில் 8 இருக்கிறது. மேலும் அந்த நோய் நீண்டகாலச் சிகிச்சை தேவைப்படுவது என்பதால் இத்தொழிலாளி இனித் தையல் வேலைக்குத் தகுதியானவர்தானா என்று மருத்துவரின் கருத்து வேண்டும். ஒரு தவறான நோய்ப்பெயர் அவருடைய வேலையையே கேள்விக்குள்ளாக்கிவிட்டது.

நான் மொழிபெயர்க்கத் தொடங்காமல், மூலத்தோடு அவரை மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன். மருத்துவர் 12ஐ அடித்து 11 என்று எழுதிப் பக்கத்தில் சிறு ஒப்பமும் முத்திரையும் இட்டார். அழல்கீல்வாயு என்பதன் அருகே ‘ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ்’ என்று ஆங்கிலத்திலேயே எழுதினார், அது மூட்டுத் தேய்மானம். 12ஆம் தேதி முதல் வேலைக்குத் தகுதியானவர் என்ற சான்றையும் தனித்தாளில் கொடுத்தார்.

அதன்பின் மொழிபெயர்ப்பு அரை மணி நேர வேலைதான். வலியை நோயாளியின் கூற்றாக வைத்தேன். நோய்ப்பெயரை ஒலிபெயர்த்து எழுதி, மருத்துவரின் ஆங்கிலச் சொல்லை ‘மூலத்தில் ஆங்கிலத்தில் உள்ளது’ என்ற குறிப்போடு சேர்த்தேன். திருத்தத்தையும் மறைக்கவில்லை: ‘12 என்பது அடிக்கப்பட்டு 11 எனத் திருத்தி, மருத்துவரால் ஒப்பமிடப்பட்டுள்ளது’ என்று அடைப்பில் எழுதினேன். முத்திரையில் இருந்த பதிவு எண்ணை அப்படியே எடுத்தெழுதினேன். சித்த மருத்துவர்களின் பதிவு அலோபதி மருத்துவர்களின் பதிவிலிருந்து வேறானது, ஆகவே முத்திரையில் இல்லாத மன்றத்தின் பெயரை எண்ணுக்கு முன் சேர்க்கக் கூடாது. இரண்டு சான்றுகளும் சேர்ந்து போயின, விடுப்பு ஏற்கப்பட்டது.

10. விடுப்புக் கடிதம்

தமிழ்க் கடிதத்தை ஆங்கிலமாக்கும்போது யாரைப் பற்றியது என்று சொல்லாத வாக்கியங்களைத் தேடுங்கள். ‘உடல்நிலை சரியில்லாததால் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம்’ என்ற வரியில் சேர்க்கப்பட்டவர் எழுதியவரா, அவருடைய தாயா, குழந்தையா? தமிழில் படிப்பவருக்குச் சூழல் தெரியும், வாக்கியம் நிற்கும். ஆங்கிலத்தில் யாரையாவது குறிப்பிட்டே தீர வேண்டும். பல நிறுவனங்களில் நோய் விடுப்பு பணியாளரின் சொந்த நோய்க்கு மட்டுமே உண்டு என்பதால், தாயின் நோய் பணியாளரின் நோயாக எழுதப்பட்டால் பின்னர் அது பொய்யாக எண்ணப்படும். கேட்டுத் தெரிந்துகொண்டு, தெளிவாக எழுதுங்கள்.

விடுப்பின் வகையையும் கேளுங்கள். தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, நோய் விடுப்பு ஆகியவற்றுக்கு அந்த நிறுவனத்தின் ஆங்கிலக் கையேட்டில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே பயன்படுத்துங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற நம் அமைப்பு ஆங்கிலத்திலும் பொருந்தும். ஆனால் ‘பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்’ போன்ற வணக்க வாசகங்களை மூன்று வரி நீட்ட வேண்டியதில்லை, ‘ஐ ரிக்வெஸ்ட்’ என்பதே அந்த மொழியில் போதிய பணிவு. தேதிகளும் நாள் எண்ணிக்கையும் சான்றில் உள்ளவற்றோடு ஒன்றாக இருக்கட்டும். கடிதம் எழுதிய பிறகு இரண்டையும் அருகருகே வைத்து ஒருமுறை பாருங்கள்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது, ‘சிக் லீவ்’ என்பதை ‘நோய்வாய்ப்பட்ட விடுப்பு’ என்று எழுதாதீர்கள், நோய்வாய்ப்பட்டது விடுப்பு அல்ல. தமிழில் கோப்பு நடத்தும் அலுவலகங்களில் மருத்துவ விடுப்பு என்பதே வழக்கு.

11. ஒப்படைப்பதும் திரும்பி வந்தால் செய்வதும்

மின்னஞ்சலில் அனுப்பும்போது மூலத்தின் வண்ண ஒளிவருடல் முதல் பக்கமாகவும், மொழிபெயர்ப்பு அடுத்த பக்கமாகவும் ஒரே கோப்பில் இருக்கட்டும். முத்திரையின் நிறம் தெரியாத கறுப்பு–வெள்ளை நகலைப் பலர் நகலின் நகல் என்று கருதுகிறார்கள். தமிழ் மொழிபெயர்ப்பை யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் செய்து வேர்டு கோப்பாக அனுப்பினால், எதிர்முனையில் அந்த எழுத்துரு இல்லாதபோது வெறும் குறிகளாகத் தோன்றும்.

திரும்பி வந்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காரணம் சான்றைப் பற்றியதா மொழிபெயர்ப்பைப் பற்றியதா என்று பிரியுங்கள். சான்றைப் பற்றியதானால் மருத்துவரிடம் போக வேண்டும். மொழிபெயர்ப்பைப் பற்றியதானால், திருத்திய படிக்குப் புதிய தேதியிட்டு, முந்தையதற்குப் பதிலாக இது என்று தலையில் குறித்து, புதிதாகக் கையொப்பமிட்டு அனுப்புங்கள். பழைய தாளிலேயே வெள்ளைப் பூச்சு பூசித் திருத்தியதை எந்த அலுவலகமும் ஏற்பதில்லை.